கமிஷன் மெயில்

விற்பனை ஏஜென்ட் ஒருவர் கமிஷன் 10,000 குறைகிறது என்று கோபமாக எழுதியிருந்தார். எங்கள் பதில் வரைவின் முதல் வரியே "விதிமுறைப்படி சரியாகவே கணக்கிடப்பட்டுள்ளது", இதைப் படித்தால் யாருக்குத்தான் கடுப்பாகாது? அதைத் தூக்கிவிட்டு, முதலில் அவர் கணக்கையே எழுதினேன்: விற்பனை 8,00,000, அதற்கு 6%, ஆக 48,000. அப்புறம் எங்கள் கணக்கு: முதல் 5,00,000க்கு 4%, அதாவது 20,000, மீதி 3,00,000க்கு 6%, அதாவது 18,000, மொத்தம் 38,000. வித்தியாசம் சரியாக 5,00,000இன் 2%. அங்கேயே விஷயம் தெரிந்துவிடுகிறது, பில் எதுவும் விடுபடவில்லை, 5,00,000ஐத் தாண்டினால் மொத்தத்துக்கும் 6% என்று அவர் எடுத்துக்கொண்டிருக்கிறார். (சில நிறுவனங்களில் அப்படியும் தருவார்கள், அதனால் அவர் நினைத்ததில் தப்பில்லை.)

ஆனால் ஒப்பந்தத்தில் "5,00,000க்கு மேற்பட்ட தொகைக்கு" என்று தெளிவாக இருக்கிறது, அந்த வரியை அப்படியே மெயிலில் ஒட்டினேன். "புரிந்துகொள்வீர்கள் என நம்புகிறோம்" என்பதையும் எடுத்துவிட்டேன். அதற்குப் பதிலாக, பில் பட்டியலை இணைத்து, "இதில் இல்லாத பில் ஏதாவது இருந்தால் எண்ணை மட்டும் அனுப்புங்கள், சேர்த்துக் கணக்கிட்டு அடுத்த பட்டுவாடாவில் தருகிறோம்" என்று முடித்தேன்.