ஒரு மீட்டிங் ரூமுக்கு ஆறு வாரம்

போன வாரம்தான் முடிந்தது. ஒரு அறையை யார் எப்போது எடுத்துக்கொள்வது என்பதற்கு ஆறு வாரம் ஆனது என்றால் வீட்டில் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும்.

எங்கள் தளத்தில் பெரிய மீட்டிங் ரூம் ஒன்றுதான். டெவலப்மெண்ட் டீமில் நாங்கள் ஒன்பது பேர். தினமும் காலை 10 முதல் 12 வரை அதை நான் புக் செய்து வைத்திருந்தேன். சேல்ஸ் டீமுக்கும் அதே நேரம்தான் வேண்டும். சண்டை முற்றியதும் மேலாளர் பஞ்சாயத்து செய்தார்: திங்கள், புதன், வெள்ளி எங்களுக்கு, செவ்வாய், வியாழன் அவர்களுக்கு. பார்க்க நியாயம்தான். ஆனால் வாடிக்கையாளர் புதன்கிழமை பேசலாம் என்றால், "இன்று எங்கள் முறை இல்லை" என்றா சொல்வார்கள்? இரண்டாவது வாரமே புதன்கிழமை கதவைத் தட்டினார்கள். வியாழன் நாங்கள் போய்ப் பார்த்தால், முந்தைய நாள் வொயிட்போர்டில் வரைந்து வைத்திருந்த படம் முழுக்க அழிந்து கிடந்தது.

சரி, நாமே பேசித் தீர்ப்போம் என்று உட்கார்ந்தோம். நான் காலண்டரை விரித்துக்கொண்டு போனேன். அதுதான் தப்பு. காலண்டர் மேசைக்கு வந்துவிட்டால் பேச்சு மணிக்கணக்கைத் தாண்டிப் போகாது. "நாங்கதான் முதல்ல புக் பண்ணினோம்", "எங்களாலதான் பணம் வருது". முக்கால் மணி நேரம் வீண்.

இரண்டாம் முறை காலண்டர் இல்லாமல், சேல்ஸ் தலைவரை மட்டும் தனியாகப் பார்த்தேன். "ஏன் வேணும்?" என்று கேட்டால் விசாரணை மாதிரி இருக்கும், ஆள் உஷாராகிவிடுவார். அதனால், "பத்து மணிக்கு அந்த ரூம் கிடைக்கலைன்னா உங்களுக்கு என்ன கெடும்?" என்றேன். கொட்டித் தீர்த்தார். ஒரு தடவை தன் இருக்கையிலிருந்தே பேசியிருக்கிறார், பின்னால் யாரோ சிரித்த சத்தத்தில், "சந்தையில் இருக்கிறீர்களா?" என்று வாடிக்கையாளர் கேட்டுவிட்டாராம். அவருக்கு வேண்டியது சத்தமில்லாத இடமும் அங்கே மாட்டியிருக்கும் கேமராவும்தான். வருவது மூன்று பேர்.

"உங்களுக்கு என்ன கெடும்?" என்று அவர் திருப்பிக் கேட்டார். யோசித்தால், எங்களுக்குக் கேமரா தேவையே இல்லை. ஒன்பது நாற்காலியும், மறுநாள் வரை அழியாத வொயிட்போர்டும் போதும்.

அப்புறம் ஒரு அவமானம். பஞ்சாயத்துக்கு முந்தைய நான்கு வாரத்துப் பதிவை எங்கள் கூட்டக் குறிப்புகளோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். புக் செய்த 20 நாளில் நாங்கள் உள்ளே உட்கார்ந்தது 11 நாள். மற்றதெல்லாம் விட்டால் போய்விடுமோ என்ற பயத்தில் பிடித்து வைத்தது. இதைச் சொல்வதா என்று ஒரு இரவு யோசித்தேன், சொல்லிவிட்டேன். அவரும் தன் கணக்கை எடுத்தார்: 8 நாள். இரண்டும் மோதியது வெறும் 4 நாள்தான்! நாள்தோறும் சண்டை என்று நினைத்துக்கொண்டிருந்தோம்.

தீர்வு கண்ணுக்குத் தெரிந்தது: கேமராவைப் பக்கத்துச் சின்ன அறைக்கு மாற்றுவது. கைகுலுக்கிவிட்டு அலுவலகப் பராமரிப்புப் பிரிவுக்குப் போனேன். அங்கிருந்தவர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "அது எச்ஆர் இன்டர்வியூ ரூம். அவங்க ஒப்புதல் இல்லாம ஒரு ஆணிகூட அடிக்க முடியாது" என்றார். கோபம் வந்தது, ஆனால் அவர் சொன்னது சரி. அந்த அறையைத் தொடும் மூன்றாவது ஆளைக் கூப்பிடாமலே ஒப்பந்தம் பேசியிருக்கிறோம். ஒரு வாரம் போச்சு. இப்படிப் பேச உட்காரும்போது, முடிவு யார் தலையில் விடியும் என்று முதலிலேயே எண்ணிக்கொள்ளுங்கள். எச்ஆரிடமும் அதே கேள்விதான் கேட்டேன். இன்டர்வியூவுக்கு வருபவர் யார் என்று வெளியே தெரியக் கூடாது என்பதே அவர்கள் கவலை. நேரம் மதியமாக இருந்தாலும் பரவாயில்லையாம். சின்ன அறை காலை சேல்ஸுக்கு, மதியம் எச்ஆருக்கு.

எல்லாம் இப்படித் தீரவில்லை. மாதக் கடைசி மூன்று நாள் சேல்ஸ் முழு டீமும் உட்கார வேண்டும். எங்களுக்கும் அப்போதுதான் வெளியீடு. இருவருக்கும் அதே அறை, அதே நேரம். என்ன கெடும் என்று எத்தனை முறை கேட்டாலும் அங்கே ஒன்றும் பெயரவில்லை. ஒரு மாதம் அவர்கள், ஒரு மாதம் நாங்கள் என்று முறை வைத்தோம். முதல் முறைக்குச் சீட்டு எடுத்தோம், தோற்றேன்.

இதையெல்லாம் ஒரே பக்கத்தில் எழுதி, எட்டு வாரம் பார்த்துவிட்டு மறுபடி பேசுவது என்று மூன்று தரப்பும் கையெழுத்துப் போட்டோம். பத்து நிமிடத்தில் யாரும் வராவிட்டால் புக்கிங் காலாவதி என்ற வரியை நானே சேர்த்தேன். நேற்று அதில் முதலில் மாட்டியது எங்கள் டீம்தான்.