திரையில் 1.02, நிஜத்தில் 0.88: என் கம்பா-ரேஷியோவைச் சரிசெய்த கதை

போன வருஷம் ஜூலையில் மேனேஜரிடம் சம்பளம் பற்றிப் பேசப் போனேன். வேறு வேலை எதுவும் கையில் இல்லை, மிரட்டும் எண்ணமும் இல்லை. எங்கள் டீமில் புதிதாகச் சேர்ந்த ஒருவர், என்னைவிட அனுபவம் குறைந்தவர், டீக்கடையில் பேச்சுவாக்கில் தன் சம்பளத்தைச் சொல்லிவிட்டார். அன்று இரவு தூக்கம் வரவில்லை, அவ்வளவுதான்.

மேனேஜர் நல்ல மனுஷர். ஒளிவுமறைவு இல்லாமல் லேப்டாப்பைத் திருப்பி என் பக்கம் காட்டினார். அப்ரைசல் நேரத்தில் அவர்களுக்கு வரும் ஷீட் அது. என் பெயருக்கு நேராக `Compa-Ratio` என்ற கட்டத்தில் 1.02 என்று இருந்தது. "பாருங்க, உங்க பேண்டோட மிட்பாயின்ட்டைத் தாண்டியே இருக்கீங்க. இதுக்கு மேல நான் போய்க் கேட்டா ஹெச்.ஆர். என்னைத்தான் திருப்பிக் கேட்பாங்க" என்றார். சரி என்று எழுந்து வந்துவிட்டேன். வரும்போது மிட்பாயின்ட் எவ்வளவு என்று மட்டும் கேட்டேன். 18.9 லட்சம் என்றார். அந்த ஒரு கேள்வி கேட்டது நல்லதாகப் போயிற்று.

கம்பா-ரேஷியோ தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஒவ்வொரு கிரேடுக்கும் கம்பெனி ஒரு சம்பள வரம்பு வைத்திருக்கும், அதைத்தான் பேண்ட் என்கிறோம். எங்கள் இடத்தில் பேண்டின் அடி மிட்பாயின்டில் 80 சதவீதம், உச்சி 120 சதவீதம். உங்கள் சம்பளத்தை அந்த மிட்பாயின்டால் வகுத்தால் வருவதுதான் கம்பா-ரேஷியோ. 1.00 என்றால் நட்டநடுவில் இருக்கிறீர்கள். வேலைக்குப் புதிதாக வந்தவர் 0.80, 0.85 என்று இருப்பதில் தப்பே இல்லை. அதே வேலையை மூன்று நான்கு வருஷம் ஒழுங்காகச் செய்தவர் நடுப்பக்கம் வந்திருக்க வேண்டும் என்பது கணக்கு.

வீட்டுக்குப் போய் ஏதோ உறுத்தியது. 18.9 லட்சத்தை 1.02ஆல் பெருக்கிப் பார்த்தேன், 19.28 லட்சம் வந்தது. இந்த எண்ணை எங்கேயோ பார்த்திருக்கிறோமே என்று இன்க்ரிமென்ட் லெட்டரை எடுத்தேன். கடைசி வரியில், கொட்டை எழுத்தில் சி.டி.சி. 19.25 லட்சம். அதை 18.9ஆல் வகுத்து இரண்டு தசம இடத்துக்கு ரவுண்ட் செய்தால் அதே 1.02.

லெட்டரை மேலிருந்து கீழே வாசித்தால் இப்படி இருக்கும்: பேசிக், வீட்டு வாடகைப் படி, ஸ்பெஷல் அலவன்ஸ், கம்பெனி கட்டும் பி.எஃப்., இதெல்லாம் சேர்ந்து ஃபிக்ஸட் பே 16.68 லட்சம். அதற்குக் கீழே வேரியபிள் 2 லட்சம், கிராஜுவிட்டி 32 ஆயிரம், இன்ஷூரன்ஸ் 25 ஆயிரம். எல்லாம் கூட்டினால் 19.25. கேள்வி என்னவென்றால், 18.9 என்ற மிட்பாயின்ட் இதில் எதற்கானது? முழு சி.டி.சி.க்கா, ஃபிக்ஸட் பேக்கா?

முன்பு என்னோடு வேலை பார்த்த அக்கா ஒருவர் இப்போது வேறு கம்பெனியில் சம்பளக் கட்டமைப்பு பார்க்கும் டீமில் இருக்கிறார். அவரைக் கூப்பிட்டேன். "டேய், முதல்ல மேலயும் கீழயும் ஒரே பொருளா இருக்கான்னு பாரு. மேல ஃபிக்ஸட்னா கீழயும் ஃபிக்ஸட். ஒண்ணுல வேரியபிள் சேர்ந்து இன்னொண்ணுல சேரலைன்னா அந்த நம்பருக்கு அர்த்தமே கிடையாது" என்றார். பேண்டை எதன்மேல் கட்டுவது என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும், அதனால் ஊகிக்காதே, எழுத்தில் கேள் என்றும் சொன்னார்.

எழுத்தில் கேட்டேன். சண்டைக்கு நிற்கிற மாதிரி இல்லாமல் ஹெச்.ஆர்.க்கு இரண்டே வரி: "என் கிரேடின் சம்பள பேண்ட் ஃபிக்ஸட் பேயை வைத்து அமைக்கப்பட்டதா, மொத்த சி.டி.சி.யை வைத்தா? என் கம்பா-ரேஷியோவில் எடுத்துக்கொண்ட தொகை எது?" முதல் கேள்விக்கு நான்கு நாளில் பதில் வந்துவிட்டது. ஃபிக்ஸட் பே. இரண்டாவது கேள்வியைத் தொடவே இல்லை. அவர்களுக்கும் அப்போது தெரிந்திருக்காது என்றுதான் நினைக்கிறேன்.

அப்படியானால் என் உண்மையான கணக்கு:

```
16.68 / 18.90 = 0.88
```

இங்கேதான் கொஞ்சம் பின்னால் போக வேண்டும். 2023 ஏப்ரலில் எனக்குப் பிரமோஷன் வந்தது. அதற்கு முன் பழைய கிரேடில் என் ஃபிக்ஸட் 13 லட்சம், மிட்பாயின்டும் 13 லட்சம், அதாவது சரியாக 1.00. பிரமோஷனோடு 10 சதவீதம் ஏற்றி 14.3 லட்சம் ஆக்கினார்கள். வீட்டில் கேசரி எல்லாம் செய்தோம். ஆனால் புதிய கிரேடின் மிட்பாயின்ட் 17 லட்சம். ஒரே நாளில் 1.00இலிருந்து 0.84க்கு இறங்கிவிட்டேன், ஆனால் கையில் வருவது கூடியதால் அது உறைக்கவில்லை. பிரமோஷனில் இப்படி இறங்குவது சகஜம்தான், அதைக் குறையாகச் சொல்லவில்லை. அடுத்தடுத்த வருஷங்களில் ஏறி வர வேண்டும், அதற்குத்தான் இன்க்ரிமென்ட் மேட்ரிக்ஸ் என்று ஒன்று வைத்திருக்கிறார்கள்.

மேட்ரிக்ஸ் எங்கள் இடத்தில் இப்படி. ஒரே ரேட்டிங் வாங்கிய மூன்று பேரில் கம்பா-ரேஷியோ 0.90க்குக் கீழே இருப்பவருக்கு 11 சதவீதம், 0.90 முதல் 1.10 வரை இருப்பவருக்கு 8, அதற்கும் மேலே இருப்பவருக்கு 5. கீழே இருப்பவரை வேகமாக மேலே இழுப்பதற்கான ஏற்பாடு. நல்ல ஏற்பாடுதான், எண் சரியாக இருந்தால்.

எனக்கு 2024இல் 8, 2025இல் 8. இரண்டு முறையும் நல்ல ரேட்டிங்தான், அதனால் "எல்லாருக்கும் 8 போல" என்று நினைத்துவிட்டேன். இதற்கிடையில் மிட்பாயின்டும் சும்மா நிற்கவில்லை. மார்க்கெட் ஏறுகிறது என்று 17 லட்சம் 18 ஆகி, அப்புறம் 18.9 ஆனது. இது நிறையப் பேருக்கு உறைப்பதில்லை. உங்களுக்கு 8 சதவீதம் ஏறி, பேண்ட் 5 சதவீதம் ஏறினால், நீங்கள் உண்மையில் முன்னேறியது 3 சதவீதம் கூட இல்லை. ஓடுகிற எஸ்கலேட்டரில் எதிர்ப்பக்கமாக ஏறுகிற கதை. இந்த வேகத்தில் போனால் 0.88இலிருந்து 1.00க்கு வர இன்னும் நாலரை வருஷம் ஆகும் என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன்.

ஷீட்டில் சரியான எண் இருந்திருந்தால்? 2024இல் இன்க்ரிமென்டுக்கு முன் என் 14.3 லட்சத்தைப் புது மிட்பாயின்டான 18ஆல் வகுத்தால் 0.79. பேண்டின் அடியையே விட்டுக் கீழே போயிருக்கிறேன், யாரும் கவனிக்கவில்லை. சந்தேகமே இல்லாமல் 11 சதவீதக் கட்டம். மறு வருஷமும் அதே கட்டம்தான். அப்படிப் போட்டால் 14.3 முதலில் 15.87 ஆகி, பிறகு 17.62 ஆகியிருக்கும். அப்போது நான் வாங்கியது 16.68. வருஷத்துக்கு 94 ஆயிரம் வித்தியாசம்.

இதையெல்லாம் ஒரே பக்கத்தில் எழுதினேன். மூன்று வரிசை: வருஷம், என் ஃபிக்ஸட் பே, அந்த வருஷ மிட்பாயின்ட். பழைய மிட்பாயின்ட்களை மேனேஜரே பழைய ஷீட்களைத் திறந்து எடுத்துக் கொடுத்தார். பக்கத்துத் தோழரின் சம்பளத்தை அதில் எங்கேயும் எழுதவில்லை. எழுதக் கை துறுதுறுத்தது, அக்காதான் தடுத்தார். "அவன் வாங்குறதைப் பத்திப் பேசினா பேச்சு அவன் பக்கம் போயிடும். உன் நம்பர் தப்புன்னு மட்டும் நில்லு." அதுதான் சரி. எனக்குக் கம்மியாகக் கொடுக்கிறீர்கள் என்று கேட்டிருந்தால் அது என் அபிப்பிராயம். ஷீட்டில் இருக்கும் தொகை ஃபிக்ஸட் பே இல்லை என்றால் அது அவர்கள் சரிபார்க்கக்கூடிய விஷயம்.

மேனேஜர் அந்தப் பக்கத்தை இரண்டு நிமிஷம் பார்த்தார். "ஆமால்ல" என்றார். அவர் முகம் கொஞ்சம் வாடிவிட்டது, பாவம், மூன்று வருஷமாக அந்த 1.02 மாதிரி எண்களை நம்பித்தான் எல்லோருக்கும் போட்டிருக்கிறார்.

ஹெச்.ஆர். கண்டுபிடிக்க ஐந்து வாரம் ஆனது. 2023இல் பழைய சாஃப்ட்வேரிலிருந்து புதியதற்கு மாறியபோது, ஏற்கெனவே வேலையில் இருந்தவர்களின் விவரத்தை மொத்தமாக ஏற்றியிருக்கிறார்கள். `Annual Pay` என்ற கட்டத்தில் ஃபிக்ஸட் பே போக வேண்டிய இடத்தில் சி.டி.சி. போய்விட்டது. அதற்குப் பிறகு சேர்ந்தவர்களுக்குக் கையால் பதிந்ததால் சரியாக இருந்தது. மாதச் சம்பளம் வேறு இடத்திலிருந்து கணக்காவதால் பே-ஸ்லிப்பில் ஒரு பைசா தப்பில்லை, அதனால்தான் யாருக்கும் தெரியவில்லை. பழைய ஆட்கள் எல்லோரும் ஷீட்டில் வசதியாக நடுவில் தெரிந்தார்கள், புது ஆட்கள் கீழே தெரிந்தார்கள், 11 சதவீதம் அவர்களுக்குப் போனது. எனக்கு மட்டும் நடந்ததில்லை என்று தெரிந்ததும் ஒரு அற்ப ஆறுதல்.

2025 அக்டோபரில் ஃபிக்ஸட் பே 17.62 லட்சம் என்று லெட்டர் வந்தது, கம்பா-ரேஷியோ 0.93. ஏப்ரலிலிருந்து கணக்கிட்டு ஆறு மாத அரியர்ஸ் சுமார் 47 ஆயிரம், வரி பிடித்தம் போக அந்த மாதச் சம்பளத்தோடு வந்தது. அதற்கு முந்தைய வருஷத்தில் விட்டுப்போன சுமார் 43 ஆயிரத்தைத் தரவில்லை. முடிந்த நிதியாண்டு, பட்ஜெட் மூடிவிட்டது என்றார்கள். இரண்டு முறை கேட்டேன், மூன்றாவது முறை கேட்கத் தெம்பில்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். எண் சரியாக இருந்தாலும் மிட்பாயின்டே தப்பாக இருக்கலாம். மார்க்கெட் சர்வேயில் உங்கள் வேலையை எந்த வேலையோடு பொருத்தினார்கள், எந்த வருஷத்து சர்வே என்பதைப் பொறுத்தது அது. இரண்டு வருஷமாக ஏற்றாத பேண்டில் 1.00 வாங்கி வெளிச் சந்தையில் பின்தங்கியிருப்பவர்களையும் பார்த்திருக்கிறேன். அந்தச் சண்டை தனியாள் போடக்கூடியது இல்லை, எனக்கு அதில் அனுபவமும் இல்லை.

இந்த வருஷ ஷீட் பிப்ரவரியில் திறந்தது. மிட்பாயின்ட் 4 சதவீதம் ஏறி 19.66 லட்சம். மேனேஜர் இந்த முறை தானாகவே கூப்பிட்டுக் காட்டினார். என் கட்டத்தில் 0.90. அப்படியானால் 8 சதவீதக் கட்டம். ஃபோனை எடுத்து 17.62ஐ 19.66ஆல் வகுத்தேன், 0.896 வந்தது. "திரையில்தான் ரவுண்ட் ஆகுதா, இல்லை மேட்ரிக்ஸும் ரவுண்ட் ஆன நம்பரைத்தான் எடுத்துக்குதா?" என்று கேட்டேன். அவர் சிரித்துவிட்டு, நாற்காலியை இழுத்துப் போட்டு, ஹெச்.ஆர்.க்கு மெயில் அடிக்க ஆரம்பித்தார்.