‘தண்ணி’ என்று 58 வரி

ஏற்காட்டில் விடுதி வைத்திருக்கும் ஒருவர், கோடை சீசன் முடிந்ததும் விருந்தினர் கருத்துப் படிவங்களை ஷீட்டில் ஏற்றி அனுப்பினார். "வேறு ஏதாவது சொல்ல வேண்டுமா?" என்ற கடைசிக் கேள்விக்கு மட்டும் 340 பதில்கள். எந்தத் தலைப்புகளில் பிரிக்க என்று கேட்டேன். "நீங்களே பார்த்துப் போடுங்க தம்பி" என்றுவிட்டார்.

நான் வார்த்தையை வைத்துப் பிரித்தேன். அங்கேதான் தப்பு. ‘தண்ணீர்’ என்று தேடினால் ‘தண்ணீரே வரல’ சிக்காது, உருபு சேர்ந்ததும் புள்ளி போய்விடும். அதனால் பொதுவான பகுதியை மட்டும் கொடுத்தேன்:

```
=ISNUMBER(FIND("தண்ண",B2))
```

58 வரி விழுந்தது. அச்செடுத்துக்கொண்டு சேலத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவும் ஏறிப் போனேன். அவர் தாளைப் பார்த்துவிட்டு ஒன்றுதான் கேட்டார்: "இதுக்கு நான் பைப்பை மாத்தணுமா, ஆளை மாத்தணுமா?" என்னிடம் பதில் இல்லை. அன்றைய நாள் வீண்.

இறங்கி வந்து அந்த 58 வரியையும் படித்தேன். காலையில் சுடுதண்ணி வரவில்லை என்பது 29. பக்கத்து அறையில் தண்ணி அடித்துவிட்டுச் சத்தம் என்பது 11. ஏரித் தண்ணி அழுக்கு என்பது 11, அதற்கு விடுதிக்காரர் ஒன்றும் செய்ய முடியாது. சாம்பார் தண்ணியாக இருந்தது என்பது 7. ‘வெந்நீர்’ என்று எழுதிய 14 பேர் வலையிலேயே விழவில்லை!

மறுபடி முதலிலிருந்து. முதல் 50 பதில்களைப் படித்து, ஒவ்வொன்றுக்கும் எழுதியவர் சொற்களிலேயே சின்னக் குறிப்பு போட்டேன். "ரூம் சூப்பர், ஆனா வெந்நீர் இல்ல, டிபன் லேட்" என்று இருந்தால் மூன்று வரியாக உடைத்தேன். உடைக்கும்போது பழைய வரிசை எண்ணைப் பக்கத்தில் கட்டாயம் வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம் குறிப்புகளைச் சேர்க்கும்போது, ஒரே ஆள் ஒரே வேலையால் சரிசெய்யக் கூடியவை ஒரு தலைப்பு என்று வைத்தேன். ‘சாப்பாடு’ என்று பெயர் வைத்தால் பாராட்டும் புகாரும் கலந்துவிடும். ‘காலை டிபன் தாமதம்’ என்றால் கலக்காது. எது உள்ளே, எது வெளியே என்று தலைப்புக்கு ஒரு வரி எழுதினேன்.

மீதி 290 ஓடிவிட்டது. ஆனால் வழியில் தலைப்புகள் மாறியிருந்ததால் முதல் 50-ஐத் திரும்பப் பிரிக்க வேண்டியிருந்தது. முப்பது வரியைத் தங்கையிடம் தலைப்பு விளக்கத்தோடு கொடுத்துத் தனியாகப் பிரிக்கச் சொன்னேன். ‘அறை வசதி’யில் மட்டும் எங்களுக்கு ஒத்துப்போகவில்லை. விளக்கம் தெளிவில்லை என்று அதில்தான் தெரிந்தது, இரண்டாக்கினேன்.

இரண்டாம் முறை போனபோது ‘காலையில் வெந்நீர் இல்லை: 43’ என்ற வரியில் விரலை வைத்து, "எந்த ரூம்?" என்றார். வரிசை எண்ணைப் பிடித்து அறை எண்ணுக்குப் போனேன். 31 பேர் மேல்மாடி நான்கு அறைகளில் தங்கியவர்கள். அங்கேயே பிளம்பருக்குப் போன் போட்டார்.