பாஸ்புக்கில் வராத 28,580 ரூபாய்

அப்பச்சிக்கு 71 வயது. வருஷத்துக்கு 6,00,000 ரூபாய் பென்ஷன். அது போக, காரைக்குடியில் இரண்டு வங்கிகளிலும் ஒரு கூட்டுறவு வங்கியிலும் டெபாசிட்கள். 2024-25க்கு ரிட்டர்ன் போடும் வேலை என்னிடம் வந்தது. அந்த எரிச்சல் இன்னும் அடங்கவில்லை. வீட்டில் பெரியவர்கள் இருக்கிறவர்களுக்கு உதவும் என்றுதான் எழுதுகிறேன்.

சேவிங்ஸ் வட்டி சுலபம். பாஸ்புக்கை என்ட்ரி போட்டு வாங்கினால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை வரவு வைத்த நான்கு வரிகள் இருக்கும். முதல் வங்கியில் 3,180, இரண்டாவதில் 5,420. இதற்கு டி.டி.எஸ். என்று வங்கியே முன்கூட்டி வரி பிடிக்க மாட்டார்கள், அதனால் பிடித்த வரியை பான் நம்பர் வாரியாகக் காட்டும் வரித்துறையின் 26AS பட்டியலில் தேடினால் கிடைக்காது.

டெபாசிட்டில்தான் சிக்கல். முதல் வங்கியில் இன்ட்ரெஸ்ட் சர்டிபிகேட் கேட்டதும் கொடுத்தார்கள்: வட்டி 64,500, டி.டி.எஸ். 6,450. ஆனால் 26ASஇல் அதே வங்கியின் பெயரில் வட்டி 93,080, பிடித்தம் 9,308. வித்தியாசம் 28,580. திரும்பப் போய்க் கேட்டேன். "சிஸ்டத்தில் இருக்கிறது இவ்வளவுதான் ஆச்சி. வரி ஆபீஸில் தப்பா ஏறியிருக்கும்" என்று கவுன்டரில் இருந்தவர் பேப்பரை என் பக்கமே தள்ளிவிட்டார். வரி ஆபீஸ் தானாக எதையும் ஏற்றுவதில்லை, அந்தக் கணக்கை அனுப்பியதே வங்கிதான் என்று சொல்லிப் பார்த்தேன். லஞ்ச் நேரம் என்று எழுந்து போய்விட்டார்.

வீட்டுக்கு வந்து அப்பச்சியின் தகரப்பெட்டியைத் திறந்து டெபாசிட் ரசீதுகளை ஒவ்வொன்றாகப் பட்டாலையில் பரப்பினேன். அடியில் ஒரு பழைய கல்யாணப் பத்திரிகைக்குள் மடித்து ஒரு ரசீது. அதே வங்கி, ஆனால் தேவகோட்டைக் கிளை. 2024 ஏப்ரல் 3, 4,00,000 ரூபாய், 7 சதவீதம், மூன்று வருஷம், முதிர்வில் 4,92,576. மேல் மூலையில் இருந்த கஸ்டமர் ஐ.டி.யின் கடைசி எண்கள் மற்ற ரசீதுகளில் இருந்த எண்களோடு சேரவில்லை. ஒரே ஆளுக்கு இரண்டு ஐ.டி.! சர்டிபிகேட் ஐ.டி. வாரியாக வருகிறது. டி.டி.எஸ். பான் நம்பர் வாரியாகப் போகிறது. அதனால்தான் இரண்டும் ஒத்துப்போகவில்லை.

"அது மூணு வருஷம் கழிச்சு வர்ற பணம் ஆத்தா, இப்ப எதுக்குக் கணக்கு?" என்றார் அப்பச்சி. நிறையப் பேர் இப்படித்தான் நினைக்கிறார்கள். வட்டி கைக்கு வராவிட்டாலும் வங்கி வருஷா வருஷம் அதைச் சேர்த்துக்கொண்டே போகிறது, பிடித்தமும் அந்தந்த வருஷமே நடக்கிறது. கணக்குப் போட்டுப் பார்த்தேன். மூன்று மாதத்துக்கு 1.75 சதவீதம் கூட்டுவட்டியில் முழு வருஷத்துக்கு 28,744. ஏப்ரலில் முதல் இரண்டு நாள் இல்லாததால் கொஞ்சம் குறையும். 28,580 கச்சிதமாகப் பொருந்தியது. அன்றைக்கு எனக்கு வந்த நிம்மதி சொல்லி முடியாது. இதை முதிர்வு வரை தள்ளிப்போட்டால் மூன்று வருஷத்து 92,576ம் ஒரே வருஷத்தில் வந்து விழும், பிடித்த டி.டி.எஸ்.ஸும் வருஷத்தோடு ஒத்துப்போகாது.

மற்ற இரண்டு இடங்களில் 41,000, 46,200. அந்த வருஷம் மூத்த குடிமக்களுக்கு ஒரு வங்கியில் வட்டி 50,000ஐத் தாண்டினால்தான் பிடித்தம் என்பதால் இரண்டிலும் டி.டி.எஸ். இல்லை. பிடிக்கவில்லை என்றால் வரியும் இல்லை என்று விட்டுவிடாதீர்கள். அந்த வரம்பு வங்கிக்கு வங்கி பார்ப்பது, வரியோ எல்லாவற்றையும் சேர்த்துப் பார்ப்பது.

எல்லாம் கூட்டினால் வட்டி 1,88,880. புதிய வரி முறையில் பென்ஷனில் 75,000 கழித்து 5,25,000, வட்டியோடு 7,13,880. (மூத்தவர்களுக்கு வட்டியில் 50,000 கழிக்கும் 80TTB பழைய முறையில் மட்டும்தான். அதைக் கழித்தும் பழைய முறையில் வரி கூடுதலாகவே வந்தது.) அந்த ஒரு ரசீதை விட்டிருந்தால் 6,85,300, 7 லட்சத்தைத் தாண்டாததால் வரியே இல்லை என்று காட்டியிருப்பேன், பின்னாலேயே நோட்டீஸ் வந்திருக்கும். 7 லட்சத்தைக் கொஞ்சமே தாண்டினால், தாண்டிய தொகைக்கு மேல் வரி போகாது என்ற சலுகை அந்த வருஷம் புதிய முறையில் இருந்தது. அதனால் வரி 13,880, செஸ்ஸோடு 14,435. டி.டி.எஸ். 9,308 போக, கட்டியது 5,130. வியாபார வருமானம் இல்லாத மூத்தவர் என்பதால் அட்வான்ஸ் டாக்ஸ் கட்டாததற்கு வட்டி இல்லை.

மூன்றாவது தடவை போனது ஐ.டி.க்களை ஒன்றாக்க. வாய்வார்த்தையாகக் கேட்டதெல்லாம் போதும் என்று, மேனேஜர் பெயருக்கே கடிதம் எழுதி, ரசீது நகலும் பான் நகலும் இணைத்து, என் நகலில் சீல் வாங்கிக்கொண்டேன். பத்து நாளில் ஒன்றாகிவிட்டது.

நீங்கள் பார்க்கப் போனால் ஜூன் பாதிக்கு மேல் பாருங்கள். கடைசி மூன்று மாத டி.டி.எஸ். கணக்கை வங்கிகள் அனுப்ப மே 31 வரை நேரம் உண்டு, அதற்கு முன் 26AS பாதிதான் இருக்கும். பெட்டியில் இருக்கும் ஒவ்வொரு ரசீதின் மேல் மூலையையும் பார்த்துவிடுங்கள்.