மாடிப்படி வயரிங்குக்கு மூன்று மணி நேர வகுப்புத் திட்டம்

திருநெல்வேலிப் பக்கம் ஒரு பயிற்சி மையத்தில் வீட்டு வயரிங் சொல்லிக்கொடுக்கிறேன். ஏற்கெனவே அங்கே இருந்த திட்டப்படி காலையில் தியரி, மதியம் செய்முறை. மற்ற பாடங்களுக்கு அது ஒத்துவந்தது. மாடிப்படி வயரிங்குக்கு மட்டும் ஒத்துவரவில்லை. கீழே ஒரு சுவிட்ச், மேலே ஒரு சுவிட்ச், எதைத் தட்டினாலும் ஒரே விளக்கு மாற வேண்டும். காலையில் வரைந்த படத்தை மதியம் போர்டில் பொருத்திப் பார்க்க பையன்கள் திணறினார்கள். அதனால் இந்தப் பாடத்தை மட்டும் தியரி, செய்து காட்டுதல், பயிற்சி மூன்றும் தொடர்ந்து வரும் ஒரே வகுப்பாக மாற்றி எழுதினேன்.

தியரிக்கு அரை மணி நேரம்தான். ஓம் விதியெல்லாம் வேறு நாளைக்கு. ஆளுக்கொரு டூ-வே சுவிட்சைக் கையில் கொடுத்து, அதன் மூன்று முனைகளில் எது காமன் என்று மல்டிமீட்டரை வைத்துக் கண்டுபிடிக்கச் சொல்வேன். சுவிட்ச் எந்தப் பக்கம் இருந்தாலும் மற்ற இரண்டில் ஏதோ ஒன்றோடு சேர்ந்திருக்கும் முனைதான் காமன். நடுவில் இருப்பதுதான் காமன் என்று மனப்பாடம் செய்ய விடுவதில்லை. கம்பெனிக்குக் கம்பெனி இடம் மாறும். அதற்கு அப்புறம்தான் படம். ஃபேஸ் கீழ் சுவிட்சின் காமனுக்கு, மேல் சுவிட்சின் காமனிலிருந்து ஹோல்டருக்கு, இரண்டு சுவிட்சுக்கும் நடுவே இரண்டு வயர். நியூட்ரல் நேராக ஹோல்டருக்கு.

செய்து காட்டுவதை மூன்று முறை வைத்திருக்கிறேன். முதலில் பேசாமல், வேலை நடக்கும் வேகத்தில். அடுத்து மெதுவாக, ஒவ்வொரு வயரும் எங்கே போகிறது என்று சொல்லிக்கொண்டே. மூன்றாவது முறை பையன்கள் சொல்லச் சொல்ல நான் மாட்டுவேன். அவர்கள் தப்பாகச் சொன்னால் தப்பாகவே மாட்டிவிடுவேன். யாருக்கு எங்கே புரியவில்லை என்பது இந்த மூன்றாவது முறையில்தான் வெளியே வரும்.

பயிற்சிக்கு ஒன்றரை மணி நேரம், இரண்டு பேருக்கு ஒரு போர்டு. 1.5 சதுர மி.மீ. வயர், ஃபேஸுக்கு சிவப்பு, நியூட்ரலுக்கு கறுப்பு. போர்டை மூடுவதற்கு முன்னால் ஒரு தடவை என்னைக் கூப்பிட வேண்டும், சப்ளை கொடுப்பதற்கு முன்னால் இன்னொரு தடவை. மெயினை நான்தான் போடுவேன். சப்ளை 100 வாட் குண்டு பல்பு வைத்த சீரிஸ் போர்டு வழியாகத்தான் போகும். எங்கேயாவது ஷார்ட் இருந்தால் சீரிஸ் பல்பு முழு வெளிச்சத்தில் எரியும், அவ்வளவுதான். வயரிங் சரியாக இருந்து ஹோல்டரிலும் குண்டு பல்பே இருந்தால் இரண்டும் மங்கலாக எரியும். சீரிஸில் எல்.இ.டி. பல்பைப் போட்டால் இந்தச் சோதனை நடக்காது. இன்னொன்றையும் அழுத்திச் சொல்வேன்: சீரிஸ் போர்டு வயரைக் காப்பாற்றும், ஆளைக் காப்பாற்றாது. அதன் வழியாக வரும் கரண்டே உயிரை எடுக்கப் போதும். ஆளுக்காக, கரண்ட் கசிந்தால் சப்ளையைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. தனியாக உண்டு.

திட்டத்தில் நான் அதிகம் யோசித்து எழுதியது கடைசிச் சோதனையைத்தான். ஒரு ஜோடி, "சார், எரியுது" என்றார்கள். கீழ் சுவிட்சைத் தட்டினால் எரிந்தது, மறுபடி தட்டினால் அணைந்தது. "சரி தம்பி, நாலு நிலையையும் எழுது" என்றேன். இரண்டு சுவிட்சுக்கும் சேர்த்து மொத்தம் நான்கு நிலைகள். அதில் இரண்டில் விளக்கு எரிய வேண்டும். அவர்களுக்கு ஒன்றில்தான் எரிந்தது. மேல் சுவிட்சை மாற்றி வைத்தால் கீழ் சுவிட்சை எப்படித் தட்டினாலும் இருட்டு. காமனில் வர வேண்டிய வயர் பக்கத்து முனைக்குப் போய்விட்டால் இப்படித்தான் ஆகும்.

ஆனால் எந்த சுவிட்சில் மாறியிருக்கிறது என்பதை இந்த அட்டவணை சொல்லாது. எதில் மாறினாலும் விளக்கு ஒரே மாதிரிதான் நடந்துகொள்ளும். அதனால் மெயினை நிறுத்தி, பல்பைக் கழற்றி, ஒவ்வொரு சுவிட்சாக மல்டிமீட்டரை வைக்கச் சொன்னேன். மேல் சுவிட்சில் ஹோல்டர் வயர் இருந்த முனை ஒரு பக்கம் மட்டுமே சேர்ந்தது. கோளாறு அங்கேதான். வயரை மாற்றிய பிறகு நான்கில் இரண்டு நிலைகளில் எரிந்தது.

நான்கு நிலையும் சரியாக வந்தும் தப்பாக இருக்கும் வயரிங் ஒன்று உண்டு: ஃபேஸ் நேராக ஹோல்டருக்கும், நியூட்ரல் சுவிட்சுகளுக்கும் போயிருப்பது. விளக்கு ஒழுங்காக எரிந்து அணையும். ஆனால் அணைந்திருக்கும்போதும் ஹோல்டரில் ஃபேஸ் நிற்கும். பல்பு மாற்றக் கை வைப்பவருக்கு ஷாக். அதனால் விளக்கை அணைத்து, பல்பைக் கழற்றி, ஹோல்டரின் இரண்டு முனைகளிலும் டெஸ்டர் வைத்துப் பார்ப்பது சோதனையின் கடைசி வரி. எதிலும் டெஸ்டர் எரியக் கூடாது. இதை மட்டும் நானே செய்து காட்டுகிறேன், அவர்கள் தள்ளி நின்று பார்க்கிறார்கள்.

மிச்சமுள்ள அரை மணி நேரத்தில் நோட்டில் படமும் அட்டவணையும் எழுதுவார்கள். மூன்று இடத்திலிருந்து ஒரே விளக்கைப் போடும் இன்டர்மீடியட் சுவிட்ச் அடுத்த வகுப்பில்.