ஆறு என்று எழுதி வட்டம் போட்டேன்

"அப்போ நானும் எங்கப்பா மாதிரி குடிகாரனா ஆயிடுவேனாக்கா?" என்று அவன் கேட்டான். அதற்கு நான் சொன்ன பதில் நாலு வருஷம் கழித்தும் வார்த்தை மாறாமல் ஞாபகம் இருக்கிறது. "மத்தவங்களைவிட உனக்கு ஏழு மடங்கு வாய்ப்பு ஜாஸ்திப்பா. அதனாலதான் சொல்றேன், ஜாக்கிரதையா இரு." அன்பாகத்தான் சொன்னேன். முதுகில் தட்டிக்கொடுத்தேன் என்றுகூட நினைக்கிறேன்.

தாராவியில் எங்கள் சென்டருக்கு வருகிற பையன்களுக்கு ஏசி மெக்கானிக், லிஃப்ட், வயரிங் என்று பயிற்சி கொடுத்து வேலையில் சேர்த்துவிடுவோம். என் வேலை கவுன்சிலிங். அந்த வருஷம் ஃபண்ட் கொடுத்தவர்கள் ஏஸ் படிவத்தையும் நிரப்பச் சொன்னார்கள். பதினெட்டு வயதுக்குள் வீட்டில் நடந்தவை பற்றிப் பத்துக் கேள்விகள்: அடி, திட்டு, பாலியல் தொல்லை, கவனிப்பின்மை, அம்மாவை அடித்தது, வீட்டில் குடி, மனநோய், ஜெயில், பெற்றோர் பிரிவு இப்படி. ஆம் என்றால் ஒன்று, இல்லை என்றால் பூஜ்யம். கூட்டினால் ஸ்கோர். நாலோ அதற்கு மேலோ வந்தால் மூலையில் எழுதி வட்டம் போட வேண்டும். செல்வத்துக்கு (பெயரை மாற்றியிருக்கிறேன்) ஆறு வந்தது. வட்டம் போட்டேன். எதிரில் உட்கார்ந்திருந்தவன் அதைத் தலைகீழாகப் படித்துவிட்டான்.

அது என்ன என்று கேட்டான், விளக்கினேன். அவன் கேட்டதற்குப் பதில் சொன்னேன், அதில் என்ன தப்பு என்று ரொம்ப நாள் என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன். பீடி பிடிக்கிறவனிடம் டாக்டர் புற்றுநோய் வரலாம் என்று சொல்வதில்லையா? ஆனால் பீடியைத் தூக்கிப் போடலாம். ஏழு வயதில் அப்பா பெல்ட்டை எடுத்ததை இப்போது எப்படித் தூக்கிப் போடுவது? நான் அவன் கையில் கொடுத்தது அவனால் ஒன்றும் செய்ய முடியாத ஒரு நம்பர்.

அந்த நம்பரும் சரியான நம்பர்தானா என்பது அடுத்த உறுத்தல். அடிப்பதைப் பற்றிய கேள்வியில் 'அடிக்கடி' என்று ஒரு சொல் வரும். "அடிக்கடின்னா எத்தனை தடவைக்கா?" என்று கேட்டான். சனிக்கிழமை கூலி வாங்கிய ராத்திரி மட்டும் அடிப்பாராம், மற்ற நாளில் தோளில் தூக்கிக்கொண்டு பஜாருக்குப் போவாராம். ஆம் என்று போட்டேன். பெற்றோர் பிரிந்திருந்தார்களா என்றதற்கு, அம்மா ரெண்டு வருஷம் திருநெல்வேலிப் பக்கம் ஊரில் இருந்தாள், அப்பாவும் நானும் இங்கே என்றான். தங்கச்சியைப் பெற்றெடுக்கப் போனவள், இங்கே அறை கிடைக்கும்வரை அங்கேயே தங்கிவிட்டாள். அதற்கும் ஆம் போட்டேன், 'பிரிந்து' என்றுதானே படிவத்தில் இருக்கிறது. சாப்பாடு போதாமல் இருந்ததா? இருந்தது, மழைக்காலத்தில் வேலை இல்லாதபோது. ஆம். வறுமையும் கவனிப்பின்மையும் அந்தக் கட்டத்துக்குள் ஒன்றாகிவிட்டன. இன்னொருத்தர் நிரப்பியிருந்தால் அவனுக்கு நாலுதான் வந்திருக்கும், மூணுகூட வந்திருக்கலாம். அவனை வளர்த்த ஆச்சியைப் பற்றிக் கால் மணி நேரம் பேசினான். ஆச்சிக்கு அந்தப் படிவத்தில் இடமே கிடையாது.

அப்புறம் அந்த ஏழு மடங்கு. பயிற்சி வகுப்பில் ஒரு ஸ்லைடில் பார்த்தது. அது எங்கிருந்து வந்தது என்று நான் தேடிப் படித்தது செல்வம் வருவதை நிறுத்திய பிறகுதான். வெட்கமாக இருக்கிறது, ஆனால் அதுதான் உண்மை.

1998-இல் வின்சென்ட் ஃபெலிட்டி, ராபர்ட் ஆண்டா என்ற இரண்டு அமெரிக்க மருத்துவர்களும் அவர்களுடைய குழுவும் வெளியிட்ட ஆய்வு அது. கலிஃபோர்னியாவின் சான் டியாகோவில் காப்பீட்டோடு மருத்துவப் பரிசோதனைக்கு வந்த சுமார் 9,500 பேரிடம் தபாலில் கேட்டு வாங்கிய பதில்கள். சராசரி வயது 56. பெரும்பாலும் வெள்ளையர்கள். அப்போது பத்து வகைகூட இல்லை, ஏழுதான். 'உங்களை நீங்களே குடிநோயாளி என்று எப்போதாவது நினைத்ததுண்டா' என்ற கேள்விக்கு, ஸ்கோர் பூஜ்யம் உள்ளவர்களில் 2.9 சதவீதம் பேர் ஆம் என்றார்கள். நாலும் அதற்கு மேலும் உள்ளவர்களில் 16.1 சதவீதம். வகுத்துப் பார்த்தால் ஐந்தரை மடங்கு. 7.4 என்று வருவது வயது, படிப்பு எல்லாம் சரிக்கட்டிய பிறகு வரும் 'ஆட்ஸ்' விகிதம், அதாவது இரண்டு கூட்டத்திலும் தனித்தனியே ஆம் என்றவர்களை இல்லை என்றவர்களால் வகுத்து, அந்த இரண்டு வகுத்தலை ஒப்பிடுவது. அது எப்போதும் கொஞ்சம் பெரிதாகத் தெரியும். ஸ்லைடு போட்டவருக்கும் அது தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை, செல்வத்துக்கு மட்டும் ஏழு என்று போய்ச் சேர்ந்துவிட்டது.

மடங்குகூடப் பெரிய விஷயமில்லை என்று ஒரு ராத்திரி நோட்டில் போட்டுப் பார்த்தபோதுதான் புரிந்தது. அந்த ஆய்வில் இருந்த மாதிரி ஆயிரம் பேரை எடுத்துக்கொள்வோம். அவர்களில் 495 பேருக்கு ஸ்கோர் பூஜ்யம். நாலும் அதற்கு மேலும் வெறும் 62 பேர். அந்த 62-இல் 16.1 சதவீதம் என்றால் பத்துப் பேர். மீதி 52 பேர் தங்களைக் குடிநோயாளி என்று நினைத்ததே இல்லை. பூஜ்யக்காரர்கள் 495-இல் 2.9 சதவீதம் பதினாலு பேர். அதாவது எந்தக் கெடுதலும் நடக்காத வீட்டிலிருந்து வந்த குடிநோயாளிகள், வட்டத்துக்குள் இருக்கும் குடிநோயாளிகளைவிட அதிகம். நடுவில் ஒன்று, இரண்டு, மூன்று வாங்கியவர்களிடமிருந்து இன்னும் முப்பத்தைந்து பேர் போல வருகிறார்கள். மொத்தம் அறுபது பேர் என்றால் வட்டத்துக்குள் சிக்குவது பத்துப் பேர்தான், அவர்களோடு சேர்ந்து 52 பேருக்கு வெறும் முத்திரை.

இரண்டு கூட்டத்தைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் வித்தியாசம் பளிச்சென்று தெரிகிறது, அதில் சந்தேகமே இல்லை. எந்தப் பேட்டையில் குடிமீட்பு மையம் வேண்டும், குழந்தைகளை அடிப்பதைக் குறைத்தால் இருபது வருஷம் கழித்து என்ன மிச்சமாகும் என்று கணக்குப் போடுகிறவருக்கு அந்த 16-உம் 3-உம் தங்கம். ஆனால் கூட்டத்திலிருந்து ஒருவனை இழுத்து எதிரில் உட்காரவைத்தால், அவன் அந்தப் பத்தில் ஒருவனா 52-இல் ஒருவனா என்று ஸ்கோருக்குத் தெரியாது.

இதை நன்றாகச் சோதித்தும் பார்த்திருக்கிறார்கள். பிரிட்டனில் பிறந்த இரட்டைக் குழந்தைகளையும், நியூசிலாந்தில் டுனெடின் என்ற ஊரில் பிறந்த ஆயிரம் பேரையும் சின்ன வயதிலிருந்து தொடர்ந்து கவனித்த இரண்டு ஆய்வுகளை வைத்து 2021-இல் ஒரு கட்டுரை வந்தது. ஸ்கோர் ஏற ஏறப் பிற்கால உடல், மனக் கோளாறுகள் கூடுகின்றன, சராசரியில். சரி, அது தெரிந்ததுதான். ஆனால் கோளாறு வந்த ஒருவரையும் வராத ஒருவரையும் ஜோடியாக நிறுத்தி, ஸ்கோரை மட்டும் பார்த்து யார் எவர் என்று சொல்லச் சொன்னால், நூறு ஜோடியில் அறுபதை ஒட்டித்தான் சரியாக வருகிறது. காசு சுண்டினாலே ஐம்பது வரும். ஆண்டாவே 2020-இல் வேறு இருவரோடு சேர்ந்து ஒரு கட்டுரை எழுதினார்: அந்த ஸ்கோர் மக்கள் தொகையைப் பற்றிய ஆய்வுக்கான கச்சா அளவு, தனி ஆளைச் சலித்தெடுக்கவோ அவனுக்கு என்ன சிகிச்சை என்று முடிவுசெய்யவோ அல்ல என்று. கண்டுபிடித்தவரே கையை நீட்டித் தடுக்கிறார், நாங்கள் இங்கே வட்டம் போட்டுக்கொண்டிருந்தோம்.

இவ்வளவும் படித்த பிறகு நான் சுத்தமாகத் தெளிந்துவிட்டேன் என்றால் பொய். அவன் கேள்வி குடியைப் பற்றியது. அப்பா குடிகாரர் என்றால் பிள்ளைக்கு அந்தப் பக்கம் சாய்வு கொஞ்சம் அதிகம் என்பது ஸ்கோர் இல்லாமலே தெரிந்த விஷயம், அதில் பிறவிக் கூறும் உண்டு. அதை மறைத்து "உனக்கு ஒண்ணும் ஆகாதுடா" என்று சொல்லியிருந்தால் அதுவும் பொய்தானே? 'உன்னை மாதிரி நூறு பேரை எடுத்தா எண்பதுக்கு மேல குடிநோயாளி ஆகறதில்ல' என்று சொல்லியிருக்கலாம். அதே கணக்குதான், வேறு பக்கத்திலிருந்து. அதைச் சொல்லாமல் ஏன் ஏழு மடங்கை எடுத்தேன்? பயமுறுத்தினால் நன்றாக இருப்பான் என்று நினைத்தேன் போல. ஆனால் சான் டியாகோவில் ஐம்பத்தாறு வயதுக்காரர்கள் சொன்ன அந்த எண்பது இவனுக்குப் பொருந்துமா என்றும் எனக்குத் தெரியாது. அப்படிப் பார்த்தால் என் நல்ல பதிலும் கடன் வாங்கிய பதில்தான்.

இன்னொன்றும் நடந்தது, அதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், நீட்ட மனசில்லை. வேலைக்கு ஆள் அனுப்புகிற சார் ஃபைலைப் புரட்டிவிட்டு, "ஆறா? இவனை நைட் ஷிப்ட்டுக்கு அனுப்பலாமா மேடம்?" என்று கேட்டார். நான் உடனே "தாராளமா" என்று சொல்லவில்லை. ஒரு நாலு விநாடி யோசித்தேன். அந்த நாலு விநாடியில் அவர் அடுத்த ஃபைலை எடுத்துவிட்டார். கவுன்சிலிங்குக்கு வாங்கிய எண் எப்படி வேலைக்கு ஆள் எடுக்கும் ஃபைலில் போய் உட்கார்ந்தது என்று நான் கேட்டிருக்க வேண்டும். மூணு வாரத்தில் செல்வம் வருவதை நிறுத்தினான். அதனால்தானா, வேறு வேலை கிடைத்தா, தெரியாது.

இப்போது படிவத்தில் கூட்டுத்தொகை போடுவதில்லை. கேள்விகளைப் பேச்சோடு பேச்சாகக் கேட்கிறேன், கேட்பதற்கு முன்னால் 'சொல்ல வேண்டியதில்லை' என்று சொல்லிவிடுகிறேன், வந்த பதிலுக்கு என்ன செய்ய முடியும் என்று மட்டும் பார்க்கிறேன். மனசுக்குள் கூட்டாமல் இருக்கிறேனா என்றால், இல்லை. ஒவ்வொரு ஆமுக்கும் ஒரு விரல் தானாக மடங்குகிறது.

போன மே மாதம் சயான் ஸ்டேஷன் வெளியே டீக்கடையில் யாரோ "அக்கா" என்று கூப்பிட்டார்கள். செல்வம். சட்டைப் பையில் லிஃப்ட் கம்பெனி அடையாள அட்டை, கையில் கட்டிங் சாய். அந்தேரிப் பக்கம் வேலையாம், தங்கச்சி பிளஸ் டூ முடித்துவிட்டாளாம். எனக்கும் ஒரு டீ சொன்னான், காசு கொடுக்க விடவில்லை. லோக்கல் போகிற சத்தத்தில் காது கேட்கவில்லை என்று குனிந்து என் பக்கத்தில் வந்து பேசினான். காலை பத்து மணி. எனக்கு அவன் என்ன சொன்னான் என்பது பாதிதான் காதில் விழுந்தது, ஏனென்றால் நான் அவன் மூச்சை மோந்து பார்த்துக்கொண்டிருந்தேன். இஞ்சி வாசனைதான் வந்தது.