கன்ஃபியூஷன் மேட்ரிக்ஸ் ஸ்கிரீன்ஷாட்டாக வந்தால் முதலில் வரிசையைக் கூட்டிப் பாருங்கள்

போன செமஸ்டர் மிட்டெர்மில் 10 மதிப்பெண் கேள்வி ஒன்றில் எனக்கு 4 தான் கிடைத்தது. மூன்று சூத்திரங்களையும் சரியாக எழுதியிருந்தேன், கூட்டல் வகுத்தலிலும் பிழை இல்லை. பிழை எங்கே என்றால், கேள்வித்தாளில் இருந்த கன்ஃபியூஷன் மேட்ரிக்ஸ் படத்தை நான் படித்த விதத்தில். பினாங்கில் மெஷின் லேர்னிங் பாடம் படிக்கும் தம்பி தங்கைகள் இரண்டு பேர் இதே இடத்தில் தடுமாறியதைப் பார்த்ததால் விவரமாகவே எழுதுகிறேன்.

கேள்வி இதுதான். சிப் தொழிற்சாலை ஒன்றில் கேமரா எடுக்கும் படத்தை வைத்து, சிப் நல்லதா பழுதா என்று ஒரு கிளாசிஃபையர் சொல்கிறது. சோதனைக்கு 1000 சிப், அதில் உண்மையில் பழுதானவை 60. லேபிள் 0 என்றால் நல்லது, 1 என்றால் பழுது. பழுதைக் கண்டுபிடிப்பதற்கான பிரிசிஷன், ரீகால், எஃப்1 கேட்டிருந்தார்கள். படத்தில் அச்சுகளின் பெயர் வெட்டுப்பட்டுப் போயிருந்தது, இருந்தது இவ்வளவுதான்:

```
        0     1
0     912    28
1      18    42
```

நான் படித்த குறிப்பில் மேல் இடது மூலையில் TP என்று போட்டிருந்தது, அந்தப் பழக்கத்தில் 912ஐ TP என்று எடுத்துவிட்டேன். பிரிசிஷன் 0.981, ரீகால் 0.970, எஃப்1 0.975 என்று வந்தது, பார்க்க அழகாக இருந்ததால் சந்தேகமே வரவில்லை. ஆனால் அது நல்ல சிப்பைக் கண்டுபிடிப்பதற்கான கணக்கு. scikit-learn லேபிள்களை வரிசைப்படுத்தித்தான் கட்டம் போடும், 0 முன்னால் வரும், அதனால் 1ஐ பாசிட்டிவாக எடுத்தால் மேல் இடது மூலை TN, கீழ் வலது மூலைதான் TP. பாசிட்டிவ் எது என்பதைக் கேள்வியின் வாசகம்தான் முடிவு செய்யும், கட்டத்தின் மூலை முடிவு செய்யாது.

அடுத்த சிக்கல், வரிசை உண்மையா கணிப்பா என்பது. scikit-learnஇல் வரிசை உண்மை, நெடுவரிசை கணிப்பு. ஆனால் R மொழியின் caret தொகுப்பு கணிப்பை வரிசையில் போட்டு உண்மையை நெடுவரிசையில் போடும். மேட்லாபில் confusionchart உண்மையை வரிசையில் வைக்கும், plotconfusion அதைத் திருப்பிப் போடும். ஆகவே எந்த மென்பொருளின் படம் என்று தெரியாமல் ஊகிப்பது ஆபத்து. ஊகிக்கவும் தேவையில்லை, கேள்வியிலேயே 60 என்று கொடுத்திருக்கிறார்கள் இல்லையா, அதை வைத்துக் கூட்டிப் பாருங்கள். வரிசைகளைக் கூட்டினால் 912+28=940, 18+42=60. நெடுவரிசைகளைக் கூட்டினால் 930, 70. 60 வருவது வரிசையில், எனவே வரிசைதான் உண்மை. பத்து விநாடி வேலை, அன்று நான் செய்யவில்லை.

அப்புறம் விஷயம் எளிது. பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் தரக் கட்டுப்பாட்டுப் பிரிவில் வேலை பார்க்கும் எங்கள் அக்காவிடம் இந்தப் படத்தைக் காட்டியபோது, அவர் சூத்திரம் எதுவும் இல்லாமல் சொன்னார்: “மெஷின் 70 சிப்பைப் பழுதுன்னு தூக்கிப் போட்டிருக்கு, அதுல 42தான் நிஜமாவே பழுது. நிஜப் பழுது மொத்தம் 60, அதுல 18 தப்பிச்சு வெளியே போயிடுச்சு. எனக்கு அந்த 18தான் பயம்.” முதல் வாக்கியம் பிரிசிஷன், 42/70 = 0.60. இரண்டாவது ரீகால், 42/60 = 0.70. எனக்கு மனதில் நின்றது இந்த விளக்கம்தான். தூக்கிப் போட்டதில் எத்தனை சரி, இருந்ததில் எத்தனை பிடிபட்டது என்று கேட்டுக்கொண்டால் எதை எதால் வகுப்பது என்ற குழப்பம் வராது.

எஃப்1 இரண்டின் இசைச் சராசரி. பிரிசிஷனையும் ரீகாலையும் தசமத்தில் சுருக்கிவிட்டு அதிலிருந்து கணக்கிடுவதைவிட, நேராக எண்ணிக்கையிலிருந்தே போடுங்கள், சுருக்கியதால் வரும் பிழை சேராது:

```
F1 = 2TP / (2TP + FP + FN)
   = 84 / (84 + 28 + 18)
   = 84 / 130 = 0.646
```

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். நீங்கள் வரிசையையும் நெடுவரிசையையும் மாற்றிப் படித்திருந்தால் FPயும் FNஉம் இடம் மாறும், பிரிசிஷன் 0.70, ரீகால் 0.60 என்று ஆகிவிடும், ஆனால் எஃப்1 அதே 0.646தான். அதாவது நண்பரின் எஃப்1 விடையோடு உங்களுடையது ஒத்துப்போகிறது என்பதால் மற்ற இரண்டும் சரி என்று ஆகாது. நிரல் எழுதும்போதும் `confusion_matrix(y_pred, y_true)` என்று இடம் மாற்றிக் கொடுத்தால் எந்த எச்சரிக்கையும் வராமல் இதேதான் நடக்கும். அக்காவைப்போல் தப்பிப்போவதற்குத்தான் அதிகம் பயம் என்றால் எஃப்2 கேட்பார்கள். அது 5TP / (5TP + 4FN + FP), நம் கணக்கில் 210/310 = 0.677. மாற்றிப் படித்தவருக்கு 210/340 = 0.618 வரும், எஃப்1இல் ஒளிந்திருந்த பிழை இங்கே தெரிந்துவிடும்.

சில படங்களில் 912க்குப் பதிலாக `9.1e+02` என்று இருக்கும். seabornஇன் heatmapஇல் `fmt='d'` கொடுக்காமல் விட்டால் இப்படித்தான் இரண்டு இலக்கத்துக்குச் சுருக்கிக் காட்டும். அது 910க்குப் பக்கத்தில் ஏதோ ஓர் எண், 906இலிருந்து 914வரை எதுவாகவும் இருக்கலாம். பதற வேண்டாம், அந்தக் கட்டம் TN, மூன்று சூத்திரங்களிலும் TN வரவே வராது. அக்யூரசி கேட்டால்தான் அது தேவைப்படும், அப்போதும் 1000இலிருந்து மற்ற மூன்றையும் கழித்தால் 912 கிடைத்துவிடும்.

உண்மையிலேயே பதற வேண்டிய படம் வேறு. கட்டங்களில் எல்லாம் தசம எண், ஒவ்வொரு வரிசையும் கூட்டினால் 1 வருகிறது. இதே கணக்கை அப்படி வரைந்தால்:

```
        0      1
0     0.97   0.03
1     0.30   0.70
```

ரீகால் 0.70 என்று நேராகப் படித்துவிடலாம். ஆனால் பழக்கதோஷத்தில் நெடுவரிசையைக் கூட்டி 0.70/(0.70+0.03) என்று போட்டால் பிரிசிஷன் 0.96 வரும், உண்மை 0.60. ஏன் இவ்வளவு வித்தியாசம்? அந்த 0.03 என்பது 940இல் ஒரு பங்கு, 0.70 என்பது 60இல் ஒரு பங்கு, அளவே வேறான இரண்டைக் கூட்டக் கூடாது. எத்தனை நல்லது எத்தனை பழுது என்று கேள்வியில் இருந்தால் முதலில் பெருக்கி எண்ணிக்கைக்குத் திரும்புங்கள்: 940×0.03 = 28.2, 60×0.70 = 42, பிரிசிஷன் 42/70.2 = 0.598, சுருக்கினால் 0.60. எண்ணிக்கையோ விகிதமோ எங்குமே இல்லை என்றால் இந்தப் படத்திலிருந்து பிரிசிஷனையும் எஃப்1ஐயும் கணக்கிட முடியாது, விடைத்தாளில் காரணத்தோடு அப்படியே எழுத வேண்டும்.

ஃபைனலில் எனக்கு வந்தது இந்த இரண்டாவது வகைப் படம். விடையின் முதல் வரியாக, எது பாசிட்டிவ், வரிசை ஏன் உண்மை என்று எடுத்தேன், எந்தக் கூட்டுத்தொகையை வைத்து அதை முடிவு செய்தேன் என்று எழுதிவிட்டு அப்புறம்தான் கால்குலேட்டரைத் தொட்டேன்.